மூன்றாவது பலகை

அந்த அக்காவின் முன்னால் ‘விசுவாசம்’ என்ற சொல்லைச் சொல்லிவிட்டு யாரும் நிம்மதியாக டீ குடித்ததில்லை. கிளாஸைக் கீழே வைக்கச் சொல்லுவார். பிறகு இரண்டு கேள்வி கேட்பார். “அவனுக்குச் சோறு போட்டது ஆர்? அவன்ட பிள்ளைக்கு என்ன மிஞ்சும்?” இரண்டுக்கும் பதில் சொன்ன பிறகுதான் டீ.

பெயரை எழுத மாட்டேன். எழுதினால் முதல் ஆளாகச் சண்டைக்கு வருவார். யாழ்ப்பாணத்துக்காரர், சரித்திரம் படித்தவர். ஷார்ஜாவில் ஒரு பணக்கார அரபியின் பழைய ஆயுதச் சேகரிப்பைப் பொதுமக்கள் பார்க்கும்படி கண்காட்சியாக்கினார்கள். சுவரில் மாட்டும் விளக்கப் பலகைகளுக்கு வாசகம் எழுதுவதும், வருகிறவர்களுக்குச் சுற்றிக் காட்டுவதும் அவர் வேலை. பொருட்களை மாட்டுவது, தாங்கி செய்வது, கண்ணாடிப் பெட்டி அடிப்பது எங்கள் கம்பெனி வேலை. எனக்குப் புதுக்கோட்டைப் பக்கம். அதற்கு முன் அல் கோபாரில் கடைகளுக்கு ஷெல்ஃப் அடித்துக்கொண்டிருந்தேன். இங்கே என் கீழ் ஆறு பேர் வேலை பார்த்தார்கள். எங்கள் இரண்டு பேருக்கும் வயது ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் நான் அக்கா என்றேன், அவர் தம்பி என்றார், அது அப்படியே நின்றுவிட்டது.

முதல் சண்டை ஒரு அண்டாவால் வந்தது. துருக்கி சுல்தான்களின் ஜானிசரி என்ற அடிமைப் படை சமைத்த செப்பு அண்டா. ஆள் உட்காரலாம், அவ்வளவு பெரிது. அடி உருண்டை, நிற்கவில்லை. எங்கள் ஊர்க் கல்யாண வீட்டில் கழுவின அண்டாவை எப்படி வைப்போமோ அப்படியே கவிழ்த்து வைத்தேன். கிண்ணென்று நின்றது. எனக்கே என் மேல் பெருமை. மேற்பார்க்க வந்திருந்த கன்சல்டன்ட் துரையும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போனார்.

அக்கா வந்தார். பார்த்தார். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

“தம்பி, என்ன காரியம் செய்து போட்டியள் தெரியுமோ? கலகம் தொடங்கிப் போட்டியள்.”

“என்னக்கா கலகம்? அண்டாவக் கவுத்து வச்சா காயும், தூசி அடையாது.”

“அவையள் அண்டாவைக் கவிட்டால் சுல்தானுக்கு நித்திரை வராது.”

பிறகுதான் சொன்னார். அந்தப் படையில் எல்லாமே சாப்பாடுதான். ஒரு பிரிவின் தலைவனுக்குப் பட்டமே சூப் காய்ச்சுகிறவன் என்பது. சிப்பாய் தலைப்பாகையில் கரண்டி செருகியிருப்பான். சுல்தான் போடும் சோற்றைத் தின்கிறோம், அதனால் அவன் ஆட்கள் நாங்கள் என்று அர்த்தம். கோபம் வந்தால் கத்தியை உருவ மாட்டார்கள். அண்டாவைத் தூக்கிக்கொண்டு வந்து நடுமைதானத்தில் கவிழ்ப்பார்கள். உன் சோறு வேண்டாம் என்றால் உனக்கு நாங்கள் ஆளில்லை என்று பொருள். அதற்குப் பிறகு மந்திரி தலை போகும், சில சமயம் சுல்தான் தலையும் போகும்.

நான் அண்டாவை நிமிர்த்தப் போனேன். “விடுங்கோ, இருக்கட்டும்” என்றார். கன்சல்டன்ட் அதை ரசித்துவிட்டுப் போனது அவருக்கு அத்தனை சந்தோஷம். ஒரு வாரம் அது அப்படியே கிடந்தது. கடைசியில் சேகரிப்பின் சொந்தக்காரர், அந்த வயதான அரபி, தடியை ஊன்றிக்கொண்டு வந்தவர், அண்டாவைப் பார்த்ததும் தோள் குலுங்கச் சிரித்தார். “யா சலாம், யார் மேல் கோபம்?” என்று கேட்டார். கன்சல்டன்ட்டுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அன்று சாயங்காலமே வளையத் தாங்கி செய்து நிமிர்த்தி வைத்தேன்.

அக்காவோடு பேசுவது பேச்சல்ல, மல்லுக்கட்டு. மதியச் சாப்பாட்டுக்குப் பின்வாசல் நிழலில் உட்காருவோம். ஒரு நாள் என் ஆட்களில் ஒருவன், திருவாரூர்க்காரன், பொரிந்து தள்ளினான். “நம்மளும் எகிப்து ராஜா வெலைக்கு வாங்கின அந்த மம்லூக்குப் படை மாதிரி அடிமைதான்க்கா. பாஸ்போர்ட்டு அவன்கிட்ட, விசா அவன்கிட்ட.”

எல்லோரும் தலையாட்டினோம். அக்காவுக்கு வந்ததே கோபம்.

“அடிமை எண்டு சொல்லாதையுங்கோ. பாஸ்போர்ட்டை வாங்கி வைச்சிருக்கிறது பிழை, அதுக்குச் சண்டை பிடியுங்கோ, நானும் வாறன். ஆனால் ராவு ராவா வீட்டுக்கு வீடியோ கோல் எடுக்கிறியள். லீவு எப்ப எண்டு எண்ணுறியள். உங்கட அம்மாவுக்கு உங்கட பேர் தெரியும். மம்லூக்கிட்ட முதல்ல பறிச்சது அதைத்தான். பேரை மாத்தினவை. ஊரை மறக்கப் பண்ணினவை. அவனுக்கெண்டு அழ ஒருத்தரும் இல்லாமல் செய்துபோட்டுத்தான் கையில வாளைக் குடுத்தவை.”

நான் விடவில்லை. “அப்பிடி ஒருத்தன்கிட்ட எந்த மடையன்க்கா வாளைக் குடுப்பான்?”

“மடையன் இல்லை. பயந்தவன்.”

ராஜாவுக்கு எதிரியைவிடச் சொந்தக்காரன் மேல்தான் பயம் அதிகம் என்றார். தம்பிக்குச் சிம்மாசனம் வேண்டும், மாமனுக்கு மாகாணம் வேண்டும், பெரிய குலத்துத் தலைவனுக்கு ஆயிரம் உறவு. அவர்கள் கையில் படை இருந்தால் தூக்கம் வராது. அதனால் தூரத்துப் புல்வெளியிலிருந்து பையன்களை விலைக்கு வாங்கினார்கள். எகிப்துக்கு முதலில் துருக்கியர் வந்தார்கள், பிறகு மலைநாட்டு சர்க்காசியர் வந்தார்கள். கோட்டைக்குள் கொட்டடி. முதலில் ஓதப் படிப்பு, பிறகு குதிரை, ஈட்டி, வில். பயிற்சி முடிந்த நாளில் அடிமைத்தனத்திலிருந்து விடுதலை எழுதிக்கொடுத்து, குதிரையும் ஆயுதமும் கொடுப்பார்கள். விடுதலையானவன் ஓடிப்போக மாட்டானா என்று கேட்டேன். எங்கே ஓடுவான், அவனுக்கு உலகத்தில் தெரிந்தது வாங்கின எஜமானும் கொட்டடியில் கூடப் படுத்தவர்களும்தானே என்றார். அந்தக் கூட்டாளிகள்தான் அண்ணன் தம்பி. எஜமான் செத்தாலும் அந்தக் கட்டு அறாது.

“இதிலதான் விசயம் இருக்கு. மம்லூக்கின்ர மகன் மம்லூக் ஆகேலாது. அவன் சுதந்திரமாப் பிறந்தவன், கெய்ரோவில வளந்தவன், அவனுக்குச் சொந்தம் பந்தம் எல்லாம் வந்திடும். அதால தகப்பனுக்குச் சம்பளமாக் குடுத்த நிலவரி மகனுக்கு வராது. இப்ப நீங்கள் சொல்லுங்கோ. அவன்ட பிள்ளைக்கு என்ன மிஞ்சும்?”

“ஒண்ணும் மிஞ்சாது.”

“அப்ப உயிரோட இருக்கேக்கையே அவன் எல்லாத்தையும் எடுக்கத்தானே பாப்பான்?”

எகிப்தில் அப்படித்தான் நடந்தது. ஒரு சுல்தான் செத்தார். வெளியூரிலிருந்து வந்த மகன், அப்பா வாங்கி வளர்த்த படையை ஓரங்கட்டிவிட்டுத் தன்னோடு வந்தவர்களுக்குப் பதவி கொடுத்தான். அப்போதுதான் ஒரு பெரிய சண்டையில் அவனுக்காக ஜெயித்திருந்தவர்கள் அவர்கள். சோறு போட்டவன் போய்விட்டான், வந்தவன் தட்டைப் பிடுங்குகிறான். அவனை வெட்டிப்போட்டு, செத்த சுல்தானின் மனைவியை ராணியாக்கினார்கள். கொஞ்ச நாளில் தங்களிலேயே ஒருவனை ஏற்றினார்கள். அதற்குப் பிறகு எகிப்தில் விலைக்கு வாங்கப்பட்டவனே விலைக்கு வாங்கி ஆண்டான். ஆனால் நோய் அதேதான். புது சுல்தான் வந்தால் பழைய சுல்தானின் ஆட்களை நம்ப மாட்டான், தனக்கென்று புதுசாக வாங்குவான். பழையதும் புதுசும் தெருவில் அடித்துக்கொள்ளும்.

“டில்லியில அடிமை வம்சம்னு படிச்சோமே, அதுவா?” என்றேன்.

“அதே சரக்குத்தான். பள்ளிக்கூடத்தில பேரை மட்டும் சொல்லித் தந்தவை, ஏனெண்டு சொல்லித் தரேல்லை.”

நானும் சும்மா இருக்கவில்லை. எங்கள் பக்கத்துப் பாளையக்காரர்களைக் கொண்டுவந்து நிறுத்தினேன். அவர்கள் யாரும் விலைக்கு வாங்கினவர்கள் இல்லை, பரம்பரைக்காரர்கள். நாயக்கர் நிலத்தைக் கொடுத்தார், கூப்பிட்டால் படையோடு வர வேண்டும் என்றார். அப்பனுக்குப் பின் மகன். கோட்டை அவனது, காவல் வரி அவனது, ஊரும் அவனது. நாயக்கர் தளர்ந்ததும் கூப்பிட்டால் வரவில்லை.

“பாத்தியளோ, அது வேற விதம்” என்று அக்கா துள்ளினார். “வேரில்லாதவன் அரண்மனைக்குள்ள நிக்கிறான், கோபம் வந்தால் அரண்மனையைப் பிடிப்பான். வேருள்ளவன் அரண்மனைக்கு வராமலே ராசாவாகிடுவான்.” ஜப்பானில் இன்னும் சாமர்த்தியம் என்றார். சக்கரவர்த்தியை யாரும் தொடவில்லை. சடங்கு செய்துகொண்டு அவர் பாட்டுக்கு இருக்கட்டும் என்று விட்டுவிட்டு, நாட்டையும் நெல்லையும் வாள்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். பல தலைமுறை கழித்துப் புது அரசாங்கம் அவர்களுக்கு அளந்துவந்த நெல்லை நிறுத்தியபோது ஒரு கூட்டம் எழுந்தது. குடியானவன் மகன்களைத் துப்பாக்கியோடு அனுப்பி அடக்கினார்கள். எனக்கு அந்தக் கதை பிடித்தது, காரணம் கேட்காதீர்கள்.

பொலன்னறுவை வேளைக்காரரைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் அக்காவின் குரல் தணிந்துவிடும். அவர்கள் அடிமைகள் இல்லை. ராஜாவுக்காக உயிர் விடுவோம் என்று சத்தியம் செய்த தமிழ்ப் படை. சோழன் மேல் படையெடு என்று சிங்கள ராஜா சொன்னபோது மாட்டோம் என்றார்கள். தளபதிகளைக் கொன்று அரண்மனையைக் கொளுத்தினார்கள். தப்பி ஓடிய ராஜா திரும்பி வந்து அவர்களை அழித்தார். ஆனால் பின்னொரு காலத்தில் அங்கேயே ஒரு தமிழ்க் கல்வெட்டு. அதே வேளைக்காரர் புத்தரின் பல் இருந்த கோயிலைக் காப்போம் என்று சத்தியம் செய்திருக்கிறார்கள். “துரோகி எண்டால் கோயிலைக் காக்கக் குடுப்பினமோ?” என்று என்னைக் கேட்பார். நானா அவர்களைத் துரோகி என்றேன்? ஆனாலும் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

இப்படிப்பட்ட ஆளிடம் கன்சல்டன்ட் ஒரு மெயில் அனுப்பினார். அடிமைப் படை அறைக்கு மூன்று பலகை என்று வரைபடத்தில் இருந்தது. எப்படி வாங்கினார்கள் என்பது முதல் பலகை, எப்படிச் சண்டை போட்டார்கள் என்பது இரண்டாவது, ஏன் ஆட்சியைப் பிடித்தார்கள் என்பது மூன்றாவது. மூன்றாவது வேண்டாம், அங்கே ஒரு கண்ணாடி மாட்டலாம், மக்கள் செல்ஃபி எடுப்பார்கள் என்று எழுதியிருந்தார். அறைக்குத் தலைப்பும் அவரே வைத்திருந்தார்: ‘விசுவாசமும் துரோகமும்’.

அக்கா அவர் அறைக்குப் போனார். கதவு கண்ணாடி, எங்களுக்குத் தெரிந்தது. அவர் சிரித்துக்கொண்டே இருந்தார், அக்கா நின்றுகொண்டே இருந்தார். வெளியே வந்ததும் என்ன என்று கேட்டேன்.

“வாற மாசம் என்ர கொன்ராக்ட் புதுப்பிக்க வேணுமாம். அவர்தான் கையெழுத்து வைக்க வேணுமாம். அதை ஞாபகப்படுத்தினவர்.”

“அப்ப விட்டுருங்கக்கா. வேலதான முக்கியம்.” உண்மையாகவே சொன்னேன். அவர் சம்பளத்தில்தான் ஊரில் படுத்த படுக்கையாகக் கிடந்த அவருடைய சொந்த அக்காவுக்கு மருந்தும் ஆளும். அந்த வேலை போனால் அந்த வயதில் இன்னொரு வேலை இங்கே கிடைக்காது.

“தம்பி, அந்தப் பலகை இல்லாட்டி, வாங்கினவன் நல்லவன், வெட்டினவன் கெட்டவன் எண்டு சனம் நினைச்சுக்கொண்டு போகும். அவன்ட பேரைப் பறிச்சது போதாதெண்டு, காரணத்தையும் பறிக்கிறதோ?” என்றார். பிறகு நேராக என்னைப் பார்த்தார். “வாசகத்துக்குக் கையெழுத்து வைக்கிறது நான்தானே? மூண்டையும் அடிச்சு மாட்டுங்கோ. கேட்டால் என்னைக் காட்டுங்கோ.”

முறைப்படி அது சரிதான். அவர் கையெழுத்து இருந்தால் நான் அச்சுக்கு அனுப்பலாம். அனுப்பினேன். மாட்டும்போது நாலு ஸ்க்ரூ போதும் என்ற இடத்தில் எட்டுப் போட்டு, பின்னால் பசையும் தடவினேன். எனக்கும் கொஞ்சம் திமிர் உண்டு.

திறப்பு நாளன்று வயதான அரபி விருந்தாளிகளோடு வந்தார். அக்கா சுற்றிக் காட்டினார். அறைக்குள் நுழைந்த பிறகுதான் கன்சல்டன்ட் மூன்றாவது பலகையைப் பார்த்தார். முகம் தக்காளி ஆகிவிட்டது. பெரியவர் வாளையெல்லாம் விட்டுவிட்டு நேராக அந்தப் பலகைக்கு முன்னால் நின்றார்.

“சோறு போட்டவனை ஏன் கொன்றார்கள்?” என்று கேட்டார்.

“பேராசை, ஐயா” என்றார் கன்சல்டன்ட் முந்திக்கொண்டு.

“இல்லை” என்றார் அக்கா.

அந்த ஒரு சொல்லில் அவர் கொன்ராக்ட் போனது. எனக்குத் தெரிந்தது, அவருக்கும் தெரிந்தது. ஆனாலும் நிதானமாகச் சொன்னார், ஆங்கிலத்தில், தனக்குத் தெரிந்த அரபியையும் கலந்து. பாக்தாத் கலீபா தன் துருக்கிப் படையை ஊராரோடு சேரவிடாமல் தனி நகரம் கட்டிக் குடிவைத்தார். அதனால் அவர்களுக்கு ஒருவரையொருவர் தவிர யாருமில்லாமல் போனது. பின்னால் வந்த ஒரு கலீபா அவர்கள் நிலத்தில் கைவைக்கப் பார்த்தபோது அவர்களே அவரைக் கொன்றார்கள், பிறகு வந்தவர்களையும் இஷ்டத்துக்கு ஏற்றி இறக்கினார்கள். எகிப்தில் மம்லூக்கின் பிள்ளைகளைப் படைக்குள் விடவில்லை, அதனால் வெட்டு. துருக்கியில் ஜானிசரிகளைக் கடைசியில் கல்யாணம் பண்ண விட்டார்கள், பிள்ளைகளையும் சேர்த்தார்கள், படை கடை வைத்துப் பிழைக்கும் கூட்டமாகிவிட்டது. சண்டைக்கும் போகாது, புதுப் படை அமைக்கவும் விடாது. புதுப் படை பற்றி யோசித்த ஓர் இளம் சுல்தானைக் கொன்றது. முடிவில் இன்னொரு சுல்தான் பீரங்கியைக் கொட்டடிப் பக்கம் திருப்பித்தான் முடித்தார்.

“அப்படியானால் அந்த ராஜாக்கள் என்ன செய்திருக்க வேண்டும்?” என்றார் பெரியவர்.

“தன் சனத்துக்குப் பயந்து, சனமில்லாத ஒருவனை வாங்கி வாசலில் நிறுத்தியிருக்கக் கூடாது. வாசலில் நிற்கிறவனுக்குச் சாவி எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடும். அதற்குப் பிறகு உள்ளே வருவதற்குப் பேராசை தேவையில்லை, பயம் போதும்.”

பெரியவர் தடியை மாற்றி ஊன்றிக்கொண்டார். “தய்யிப்” என்றார், சரி என்பது மாதிரி. அடுத்த அறைக்குப் போய்விட்டார். மெச்சினாரா, முகம் சுளித்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

மறுநாள் காலை கன்சல்டன்ட் பலகையைக் கழற்றச் சொன்னார். எழுத்தில் கொடுங்கள் என்றேன். எழுத்தில் கொடுத்தால் பெரியவர் நின்று படித்த பலகையை இவர்தான் கழற்றினார் என்று ஆகும். கொடுக்க மாட்டார், அது எனக்குத் தெரியும். என்னை நம்பவில்லை, ஜெபல் அலி கிடங்கிலிருந்து நாலு புது ஆட்களை வரவழைத்தார். வந்து ஒரு மாதம்கூட ஆகாதவர்கள், எங்களில் யாரையும் தெரியாதவர்கள். அதைப் பார்த்த அக்கா விழுந்து விழுந்து சிரித்தார்.

“பழைய ஆக்கள் சொல்லுக் கேக்கேல்லை எண்டு புது ஆக்களைக் கொண்டு வாறார். பலகையை வாசிச்சிருந்தால் செய்திருப்பாரோ?”

அந்த நாலு பேருக்கும் மதியச் சாப்பாடு யாரும் ஏற்பாடு செய்யவில்லை. எங்கள் சோற்றைத்தான் பகிர்ந்தோம். அவர்களில் மேஸ்திரி ஒரு பிகார்க்காரர். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு, அந்தப் பலகையில் அப்படி என்னதான் இருக்கிறது என்று கேட்டார். அக்கா உடைந்த ஹிந்தியில் முழுவதும் சொன்னார். மேஸ்திரி பலகையைத் தட்டிப் பார்த்தார், ஸ்க்ரூவை எண்ணினார், என்னைப் பார்த்துச் சிரித்தார். போனை எடுத்து, “சார், பசை போட்டிருக்கு. கழட்டினா சுவரு போயிடும். நான் பொறுப்பில்ல” என்று சொல்லிவிட்டு ஆட்களோடு வண்டி ஏறினார். பலகை அங்கேயே இருந்தது.

அக்காவுக்குக் கொன்ராக்ட் புதுப்பிக்கவில்லை. கலாஸ், அவ்வளவுதான். அடையாள அட்டையைக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள். அவர் அழவில்லை, ஊரில் படுத்திருக்கும் தன் அக்காவின் பேச்சு வந்தபோது மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வாசலில் மரியாதையாக டாக்ஸி பிடித்துப் போனார். இனி பார்க்க மாட்டோம் என்றுதான் நினைத்தேன்.

அவர் விசா முடிய இன்னும் நாள் இருந்தது. வந்த வெள்ளிக்கிழமை, கூட்டம் நிறைய. ஒரு விளக்கு மினுக்கிக்கொண்டிருந்ததைச் சரிபார்க்க நான் ஏணியில் நின்றேன். கீழே தமிழ்க் குடும்பம் ஒன்று. அப்பா பெண்ணுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்: “இவங்க எல்லாம் ராஜாவோட உப்பத் தின்னுட்டு அவருக்கே துரோகம் பண்ணவங்க.”

“இல்லைப் பிள்ளை” என்று ஒரு குரல். “அப்பா அவசரப்படுறார். அவனுக்குச் சோறு போட்டது ஆரெண்டு முதல்ல கேளுங்கோ.”

எட்டிப் பார்த்தேன். அக்கா. கையில் கைப்பை, கழுத்தில் அட்டை இல்லை. அந்தப் பெண் கேள்வி கேட்க, அக்கா கெய்ரோக் கொட்டடியிலிருந்து தொடங்கிவிட்டார். சுற்றிலும் பத்துப் பேர் கூடியதும் ஹிந்தியும் கலந்து சொன்னார். வாசல்பக்கமிருந்து கன்சல்டன்ட் பார்த்தார். காவலாளியை அனுப்பினார். வழக்கமாக நிற்கும் நேபாளிப் பையன் அல்ல, நடுவயதுக்காரர், முன்பு பட்டாளத்தில் இருந்தவர்.

“மேடம், இங்கே வேலை பார்ப்பவர்கள்தான் விளக்கம் சொல்லலாமாம். நீங்கள் பேசக் கூடாதாம்” என்றார் ஹிந்தியில்.

அக்கா கைப்பையைத் திறந்து டிக்கெட்டை எடுத்து அவர் கையில் கொடுத்தார். “நான் காசு குடுத்து வந்திருக்கிறன். வாயைத் திறக்கக் கூடாதெண்டு இதில எங்க எழுதியிருக்கு, காட்டுங்கோ” என்று அதே வேகத்தில் தமிழிலேயே சொன்னார். பிறகு ஹிந்தியிலும் சொன்னார்.

காவலாளி டிக்கெட்டை வாங்கி முன்பக்கம் படித்தார். திருப்பிப் பின்பக்கமும் படித்தார். அவசரமே இல்லாமல் படித்தார். கன்சல்டன்ட் வாசலிலிருந்து கையை ஆட்டிக்கொண்டிருந்தார், இவர் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

“இல்லை மேடம், எழுதவில்லை” என்று டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்தார். போகாமல் கையைக் கட்டிக்கொண்டு அங்கேயே நின்றார். “பிறகு அவர்கள் என்ன செய்தார்கள்?” என்று கேட்டார்.